விலை குறைந்த இன்சுலின் மட்டமான இன்சுலினா?



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு பிள்ளை கேட்டிருந்தான். "டீச்சர், அப்பாவுக்கு கவர்மென்ட் ஆஸ்பத்திரியில பால் மாதிரி இருக்கிற இன்சுலின் குடுத்திருக்காங்க. பிரைவேட்ல பேனாவில போடுற புதுசு எழுதினாங்க. பழசு போட்டா கிட்னி போயிடும்னு சொல்றாங்களே, நிஜமா?" அவன் கேட்ட பத்து நிமிடத்தில் பதினேழு பதில். அதில் பாதி, 'காசு பார்க்காதே, புதுசையே வாங்கு' என்றது. ஒருவர் வெந்தயத் தண்ணீர் சொன்னார். அது குழுவில் எப்போதும் வரும், விட்டுவிடுவோம்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. கூடவே போய், காத்திருந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம் உண்டு. அதை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். பழைய இன்சுலின் மட்டமானது அல்ல. அதற்கு ஒரு குணம் இருக்கிறது. அந்தக் குணம் தெரிந்து போட்டால் நிறையப் பேருக்கு அதுவே போதும். தெரியாமல் போட்டால் நடுராத்திரியில் ஆளைத் தூக்கிவிடும். சிலருக்கு மட்டும், தெரிந்து போட்டாலும் அது ஒத்துவராது; அவர்களுக்குக் கடன் வாங்கியாவது புதியதுதான் வேண்டும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் 'விலை கூடினது நல்லது' என்று பேசுவதால்தான் தறிக்கார வீடுகளில் மாதம் ஆயிரத்துச் சில்லறை தண்டமாகப் போகிறது. போகிறது என்பதைவிட, கட்டமுடியாமல் ஊசியையே விட்டுவிடுகிறார்கள்.

முதலில் அந்தக் குணம் என்ன என்று பார்ப்போம்.

பால் மாதிரி இருக்கிற அந்த மருந்துக்கு என்.பி.எச். என்று பெயர். கடைசி எழுத்து ஹேகடார்ன் என்ற டென்மார்க் மருத்துவரின் பெயர். சாதாரண இன்சுலின் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். போட்டால் சில மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை குத்திக்கொள்ள வேண்டியிருந்த காலம் அது. ஹேகடார்ன் 1936-இல் மீனிலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதத்தை இன்சுலினோடு சேர்த்தார். 1946-இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் அதைச் சின்னச்சின்னப் படிகங்களாக ஆக்கினார்கள். அந்தப் படிகங்கள் மிதப்பதால்தான் மருந்து கலங்கலாக இருக்கிறது. தோலுக்கு அடியில் அவை மெதுவாகக் கரைந்து, இன்சுலினைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன.

ஆனால் ஒரே சீராக விடுவதில்லை. விஷயமே இங்கேதான். போட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலை ஆரம்பிக்கும். நான்கு மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள், சிலருக்குப் பத்து மணி நேரம் வரைகூட, உச்சத்துக்குப் போகும். பிறகு இறங்கி, பன்னிரண்டிலிருந்து பதினாறு பதினெட்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கரும்பலகையில் வரைந்தால் ஒரு மேடு மாதிரி வரும். அந்த மேடு எந்த நேரத்தில் வந்து விழுகிறது என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் ஊசி போடுகிற நேரம்.

புதியதில் நம் ஊரில் அதிகம் எழுதுவது கிளார்ஜின். வெளிநாட்டில் 2000-ஆம் ஆண்டு வந்தது. இந்தியக் கம்பெனிகளும் இப்போது அதைத் தயாரிக்கின்றன. இன்சுலினின் அமைப்பையே இரண்டு மூன்று இடத்தில் மாற்றியிருக்கிறார்கள். பாட்டிலில் அமிலத்தன்மையோடு தெளிவாக இருக்கும். உடம்புக்குள் போனதும் அங்கே அமிலம் இல்லாததால் நுண்ணிய துகள்களாகப் படிந்து, நாள் முழுக்க ஊறிக்கொண்டே இருக்கும். மேடு அநேகமாக இல்லை, சமதரைதான். சுமார் இருபத்து நான்கு மணி நேரம் வரும். அதற்கும் பிறகு வந்த டெக்லுடெக் நாற்பது மணி நேரத்துக்கு மேல் நிற்கும். விலையும் அதற்குத் தக்கபடி.

ஆக, வித்தியாசம் 'சுத்தமானது, அழுக்கானது' என்பதில் இல்லை. ஒன்று மேடு, ஒன்று சமதரை. கிட்னியைப் பாழாக்குவது பழைய இன்சுலினும் இல்லை, புதிய இன்சுலினும் இல்லை. வருஷக்கணக்கில் கட்டுப்படாத சர்க்கரைதான் பாழாக்குகிறது. அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நேர்ப்பதில் இதுதான்.

இனி ஒரு ஆளை வைத்துச் சொல்கிறேன். ஆரணியில் பட்டுத்தறி நெய்கிற என் சித்தப்பா மகன். எனக்குத் தம்பி முறை. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வயது ஐம்பத்தெட்டு, எடை அறுபது கிலோ. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. மெட்பார்மினும் கிளிமிப்ரைடும் சாப்பிட்டு வந்தான். மாத்திரை போதாமல் போய், வெறும் வயிற்றில் 210, மூன்று மாத சராசரி 9.4 என்று வந்தது. ஒரு தனியார் டாக்டர் கிளார்ஜின் பேனா ஆரம்பித்தார். 10 யூனிட்டில் தொடங்கி மெல்ல 18-க்குப் போனது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 120-க்கு வந்துவிட்டது. மருந்தில் ஒரு குறையும் இல்லை.

குறை கணக்கில் இருந்தது. ஒரு நாளைக்கு 18 யூனிட். ஒவ்வொரு முறையும் பேனாவில் ஊசி சரியாக வருகிறதா என்று பார்க்க 2 யூனிட்டைப் பீய்ச்சி விடவேண்டும். ஆக 20. மாதத்துக்கு 600. ஒரு கார்ட்ரிட்ஜில் 300 யூனிட், அப்படி இரண்டு. கார்ட்ரிட்ஜ் ஒன்று சுமார் அறுநூறு ரூபாய் என்று வைத்தால் ஆயிரத்து இருநூறு. பேனா ஊசி தனி. பாவு கிடைக்கிற மாதத்தில் சமாளித்தான். மாஸ்டர் வீவரிடமிருந்து பாவு வராத மாதத்தில் தறி சும்மா கிடந்தால் கூலி இல்லை. அப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட ஆரம்பித்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. "ரெண்டு மாசத்துக்கு வந்தா போதும்னு பாத்தேன்க்கா" என்றான். சர்க்கரை மறுபடி 200-ஐத் தாண்டியது. டாக்டர் மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டச் சொல்லியிருக்கிறார். அளவு கூடினால் செலவும் கூடும், இவன் இன்னும் இழுத்து இழுத்துப் போடுவான். இப்படியே போனது.

அவன் மகள் எனக்குப் போன் செய்தாள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா முழுக்கதையும் கேட்டுவிட்டு, என்.பி.எச். எழுதினார்கள். 18-க்கு 18 என்று மாற்றவில்லை. மேடு இருக்கிற மருந்துக்குப் போகும்போது கொஞ்சம் குறைத்து ஆரம்பிப்பது பத்திரம் என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 14 யூனிட் போட்டார்கள். ராத்திரி ஒரு முறை. மருந்து இலவசம்.

இரண்டு வாரம் கழித்து, விடியற்காலை இரண்டு மணிக்கு அவன் மனைவி எழுந்து பார்த்தால் பாய் நனைந்திருக்கிறது. ஆள் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, என்னவோ உளறுகிறான். நல்லவேளை, வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தது. 52. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 84. பிறகு ரெண்டு இட்லி.

மறுநாள் வீடே, 'பார்த்தியா, ஓசி மருந்து' என்றது. மருந்தின் மேல் பழி போடுவதற்கு முன்னால் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எத்தனை மணிக்குப்பா போடற?"

"ஏழு மணிக்குக்கா. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. பக்கத்து வீட்டு மாமா அப்படித்தான போடுறாரு."

பக்கத்து வீட்டு மாமா போடுவது வேறு மருந்து. அது முப்பது-எழுபது கலவை. அதில் பத்தில் மூன்று பங்கு உடனே வேலை செய்கிற தெளிவான இன்சுலின், ஏழு பங்கு என்.பி.எச். அதுவும் பால் நிறம்தான். அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால்தான் போடவேண்டும். பாட்டில் ஒரே மாதிரி, நிறம் ஒரே மாதிரி. போடும் முறை மட்டும் வேறு. 'ராத்திரிக்கு' என்று சீட்டில் எழுதியிருந்ததை இவன் அந்த மாமாவைப் பார்த்து ஏழு மணி என்று எடுத்துக்கொண்டான்.

இப்போது அந்த மேட்டைக் கொண்டுவந்து இதன்மேல் வையுங்கள். ஏழு மணிக்குப் போட்டால் உச்சம் ராத்திரி பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள். எட்டு மணிக்குச் சாப்பிட்ட சாப்பாடு அதற்குள் செரித்துவிடும். வயிற்றில் ஒன்றும் இல்லாத நேரத்தில் மருந்து முழு வேகத்தில் இருக்கும். கூடவே கிளிமிப்ரைடு மாத்திரையும் சர்க்கரையை இறக்கிக்கொண்டிருக்கும். அதோடு ஐந்து மணிக்கு மேல் மருந்தின் வேகம் குறைய ஆரம்பிக்கும். காலையில் வெறும் வயிற்றில் 170. ராத்திரி 52, காலையில் 170. காலை எண்ணை மட்டும் பார்ப்பவர் 'மருந்து போதவில்லை' என்று அளவைக் கூட்டுவார். கூட்டினால் அடுத்த ராத்திரி 40.

டாக்டரம்மா செய்தது எளிமையானது. நேரத்தைப் பத்தரை மணிக்குத் தள்ளினார்கள், படுக்கப்போகும் நேரத்துக்கு. அளவு 12 யூனிட்டாகக் குறைந்தது. கிளிமிப்ரைடைப் பாதியாக்கினார்கள். மூன்று ராத்திரி, அலாரம் வைத்து எழுந்து, மூன்று மணிக்குச் சர்க்கரை பார்த்து எழுதிவரச் சொன்னார்கள்.

பத்தரைக்குப் போட்டால் உச்சம் எப்போது வரும்? கூட்டிப் பாருங்கள். ரெண்டரை மணிக்குத் தொடங்கி ஆறரை மணி வரை. அந்த நேரத்தில் உடம்பில் என்ன நடக்கிறது? விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு மேல், நாம் எழுந்து நடமாடத் தயாராக, சில ஹார்மோன்கள் ஏறும். அவை கல்லீரலைத் தட்டி, சேமித்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடச் சொல்லும். சர்க்கரை இல்லாதவர் உடம்பு அதைத் தானே சமாளிக்கும். சர்க்கரைக்காரருக்கு அது அப்படியே நின்று, காலை எண் ஏறும். ராத்திரி ஒன்றும் சாப்பிடாமலே காலையில் எப்படி 200 என்று நீங்கள் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆக சர்க்கரை ஏறுகிற நேரமும் என்.பி.எச்.சின் மேடும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திவிடுகின்றன. மாலை ஏழு மணிக்கு ஆளைச் சாய்த்த அதே குணம், பத்தரை மணிக்கு வேண்டிய வேலையைச் செய்கிறது.

அவனுடைய மூன்று மணி எண்கள்: 108, 97, 113. காலை: 151, 146, 149. ராத்திரி இறங்கவில்லை, காலையில் கொஞ்சம் கூடுதல், எனவே அளவைக் கூட்டலாம் என்று அர்த்தம். மூன்று நாளுக்கு ஒரு முறை 2 யூனிட் வீதம் கூட்டி 16-இல் நிறுத்தினார்கள். அதன்பின் காலை எண் 118-க்கும் 135-க்கும் நடுவில் வருகிறது. மூன்று மாத சராசரி 7.4. அவன் இப்போது ஒரு ராத்திரிகூட ஊசியை விடுவதில்லை, ஏனென்றால் மிச்சம் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை.

என் தம்பி ஒருவனை வைத்துச் சட்டம் போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். இதைப் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். 2003-இல் வெளிவந்த ஒரு ஆய்வு. மாத்திரைக்குக் கட்டுப்படாத டைப் 2 சர்க்கரைக்காரர்கள் 756 பேர். பாதிப்பேருக்குப் படுக்கும் நேரத்தில் என்.பி.எச்., பாதிப்பேருக்குக் கிளார்ஜின். வாராவாரம் அளவைச் சரிசெய்துகொண்டே போனார்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கமும் சராசரி கிட்டத்தட்ட ஒன்றே, ஏழுக்கு ஒரு மயிரிழை கீழே. சர்க்கரையை இறக்குவதில் வித்தியாசமே இல்லை. ஆனால் நடுராத்திரி லோ சுகர் கிளார்ஜின் பக்கம் குறைவு. ராத்திரி லோ வராமலே இலக்கைத் தொட்டவர்கள் கிளார்ஜினில் நூற்றுக்கு 33 பேர், என்.பி.எச்.சில் 27 பேர். இந்த ஆறு பேரின் வித்தியாசம் பொய்யில்லை. அதை நான் மறைக்கமாட்டேன்.

ஆனால் ராத்திரி கொஞ்சம் இறங்கி எழுந்து தண்ணீர் குடித்துப் படுப்பதும், ஆம்புலன்ஸில் போவதும் ஒன்றல்ல. 2018-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஒரு பெரிய மருத்துவ அமைப்பில், புதிதாக இன்சுலின் தொடங்கிய இருபத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்ட டைப் 2 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். லோ சுகரால் அவசரப் பிரிவுக்கோ வார்டுக்கோ வந்தவர்கள் என்.பி.எச். போட்டவர்களில் அதிகம் இல்லை. புதிய வகை போட்டவர்களைவிட அது எண்ணிக்கையில் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. ஆனால் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை என்றார்கள். அதே 2018-இல் உலக சுகாதார நிறுவனம், டைப் 2-க்கு இன்சுலின் வேண்டுமென்றால் முதலில் மனித இன்சுலின், அதாவது இந்த என்.பி.எச். வகை, அடிக்கடி கடுமையாக லோ ஆகிறவருக்குப் புதிய வகை என்று வழிகாட்டியது. 2021-இல் புதிய வகையையும் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் நாடும் 2022-இல் கிளார்ஜினைத் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அதனால் அதன் விலைக்கு உச்சவரம்பு வரும், அது நல்ல காரியம். சிலர் இதைக் காட்டி, 'பாருங்கள், பழையது காலாவதி' என்கிறார்கள். இரண்டு பட்டியலிலும் பழையதும் அப்படியே இருக்கிறது.

விலையை உங்கள் பில்லை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். டப்பாவின் விலையை ஒப்பிடாதீர்கள், அது ஏமாற்றும். யூனிட் விலையைப் பாருங்கள். என்.பி.எச். பாட்டில் 10 மில்லி, மில்லிக்கு 40 யூனிட், மொத்தம் 400. விலை சுமார் நூற்றறுபது என்றால் யூனிட் நாற்பது பைசா. கிளார்ஜின் கார்ட்ரிட்ஜ் 3 மில்லி, மில்லிக்கு 100, மொத்தம் 300. அறுநூறு என்றால் யூனிட் இரண்டு ரூபாய். கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும்; ஆனால் நான்கைந்து மடங்கு என்ற விகிதத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். இதில் பேனாவின் வசதியைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். கண் தெரியாதவருக்கு, கை நடுங்குபவருக்குப் பேனா நல்லது. ஆனால் என்.பி.எச்.சுக்கும் பேனா உண்டு. பேனா வேண்டும் என்பதற்காக மருந்தை மாற்றவேண்டியதில்லை.

சரி, யாருக்கு என்.பி.எச். கூடாது என்பேன்?

டைப் 1 பிள்ளைகளுக்கு. அவர்கள் உடம்பில் சொந்த இன்சுலின் கொஞ்சமும் இல்லை. இருபத்து நான்கு மணி நேரமும் அடித்தளமாக ஒன்று வேண்டும், மேடும் பள்ளமும் அவர்களைப் படாதபாடு படுத்தும். வசதி இல்லாத இடங்களில் என்.பி.எச்.சை இரண்டு வேளை போட்டு அவர்களையும் காப்பாற்றியிருக்கிறார்கள், காப்பாற்றுகிறார்கள். ஆனால் முடிகிற வீட்டில் அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். இரண்டாவது, நேரத்தைத் தள்ளி, அளவைச் சரிசெய்த பிறகும் ராத்திரி லோ திரும்பத் திரும்ப வருகிறவர்கள். மூன்றாவது, லோ ஆனாலும் நடுக்கமோ வியர்வையோ தெரியாதவர்கள். பல வருஷ சர்க்கரையில் அந்த எச்சரிக்கை மணி சிலருக்கு அறுந்துபோகும். கிட்னி பழுதானவர்களுக்கு எந்த இன்சுலினும் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். அங்கே மேடு இருக்கிற மருந்து இன்னும் ஆபத்து.

செய்யாறில் என் அத்தை ஒருவர், எண்பத்து நாலு வயது. தனியாக இருக்கிறார். சாயங்காலம் பசி இருந்தால் ரெண்டு இட்லி, இல்லையென்றால் ஒரு டம்ளர் மோர். கிட்னியும் கொஞ்சம் தளர்வு. தம்பி கதையைக் கேட்டுவிட்டு அவருடைய பேரன், "அத்தை, பாட்டிக்கும் மாத்திடலாமா? மாசம் ஆயிரம் மிச்சமாகும்" என்றான். வேண்டவே வேண்டாம் என்றேன். டாக்டரும் அதையே சொன்னார். ராத்திரி இரண்டு மணிக்குப் பாய் நனைந்ததைத் தம்பியின் மனைவி பார்த்தாள். அத்தை வீட்டில் பார்க்க யார் இருக்கிறார்கள்? அவருக்கு அந்த ஆயிரம் ரூபாய் மருந்துக்கான விலை இல்லை, காவலுக்கான கூலி. கிளார்ஜினும் லோ பண்ணாது என்று இல்லை. அளவு கூடினால், சாப்பிடாமல் இருந்தால் அதுவும் பண்ணும். அதனால் டாக்டர் அவருக்கு இலக்கையே தளர்த்தி, காலையில் 150 இருந்தால் போதும் என்று வைத்திருக்கிறார்.

என்.பி.எச். போடுகிறவர்கள் ஒரு வேலையை மட்டும் சோம்பல் இல்லாமல் செய்யவேண்டும். படிகங்கள் அடியில் தங்கிவிடும். கலக்காமல் எடுத்தால் இன்றைக்கு மேலே இருக்கும் தண்ணீர் வரும், மாதக் கடைசியில் அடியில் இருக்கும் கெட்டி வரும். ஒரே 16 யூனிட் ஒரு நாள் 180, ஒரு நாள் 60 என்று ஆடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்துப் பத்து முறை உருட்டுங்கள். தலைகீழாகப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். இருமல் மருந்து மாதிரி குலுக்காதீர்கள், நுரை வந்தால் அளவு தப்பும். ஒரே சீரான பால் மாதிரி ஆகவேண்டும். திரிந்த பால் மாதிரி கட்டி மிதந்தாலோ, கண்ணாடியில் உப்புப் பூத்தது போல ஒட்டியிருந்தாலோ எறிந்துவிடுங்கள். கிளார்ஜினுக்கு நேர் எதிர். அது தெளிவாக இருக்கவேண்டும், கலங்கினால் கெட்டுவிட்டது. கிளார்ஜினை வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் சேர்க்கவும் கூடாது.

கத்திரி வெயிலில் நம் ஊர் ஓட்டு வீட்டில் அலமாரியில் வைத்தால் எந்த இன்சுலினும் வீரியம் இழக்கும். ஃபிரிட்ஜ் இருந்தால் கதவுப் பக்கம். ஐஸ் பெட்டியில் வேண்டாம், உறைந்தால் மருந்து செத்துவிடும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு மண்பானையில் தண்ணீரும் மணலும் வைத்து, அதற்குள் இன்னொரு சின்னச் சட்டியில் பாட்டிலை ஈரம் படாமல் வைக்கலாம். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். மீதி இருக்கிறதே என்று மனம் கேட்காது, எனக்கும் கேட்காது.

கடைசியாக ஒன்று, சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு. அப்பா அம்மாவுக்கு நல்ல மருந்தாக இருக்கட்டும் என்று ஊருக்கு வரும்போது இன்சுலின் வாங்கி வருகிறீர்கள். வீட்டில் இருப்பது சிவப்பு மூடி சிரிஞ்சு. அது மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலுக்கு. நீங்கள் கொண்டுவரும் பாட்டிலில் பெரும்பாலும் மில்லிக்கு 100. அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. சிவப்பு மூடி சிரிஞ்சில் 16 கோடு வரை அந்த மருந்தை இழுத்தால் உள்ளே போவது 16 அல்ல, 40 யூனிட். எதிர்ப்பக்கமாக, 40 பாட்டிலிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 16 கோடு இழுத்தால் போவது ஆறு யூனிட் சொச்சம்தான். பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பதையும் பார்த்திருக்கிறேன், அதுவும் இதே கணக்குத்தான். பாட்டிலின் மேல் 40 என்று இருக்கிறதா 100 என்று இருக்கிறதா, சிரிஞ்சு மூடி என்ன நிறம், பால் நிறம் என்றால் அது என்.பி.எச்.சா முப்பது-எழுபதா, எத்தனை மணிக்குப் போடுகிறார்கள் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் செய்யும்போது கேளுங்கள். வீடியோ காலில் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் அன்றைய ஊசியை நீங்களே மாற்றாமல், சீட்டையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். போகும்போது மூன்று ராத்திரி மூன்று மணிக்குப் பார்த்த எண்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகட்டும்.